பதினோரு தடவை எழுதிப் பார்த்த பக்கம்

பெரிய டீச்சருக்கு வயிற்றெரிச்சல் என்று ஒன்று உண்டு என்றால் அந்தத் தெருவில் ஒரு ஜீவன் நம்பாது. பன்னிரண்டு வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். மூக்கு ஒழுகும், பென்சிலைக் கடிக்கும், பாதிப் பாடத்தில் தூங்கி விழும் முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரு குரலில் அடக்குவாள். ஒரு பிள்ளையின் மேல் கை வைத்ததில்லை. யார் வீட்டில் நல்லது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அப்படிப்பட்டவளுக்குள்தான் ஒன்றரை வருஷமாக அடுப்பு ஒன்று அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அடுப்பைப் பற்றவைத்தவள் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்து, அதே தனியார் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தவள். வீட்டில் இரண்டு டீச்சர் ஆனதால் மூத்தவள் பெரிய டீச்சர், இளையவள் சின்ன டீச்சர். பெயரில் மட்டும்தான் பெரியவள் என்று இவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர்கள் அடுத்த பள்ளியாண்டிலிருந்து வகுப்பு ஆசிரியராக இருக்க முடியாது, உதவியாளராகத்தான் இருக்கலாம் என்று பள்ளி நிர்வாகம் எழுதி ஒட்டிவிட்டது. நூற்றைம்பது கேள்வி, நூற்றைம்பது மதிப்பெண், தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. பெரிய டீச்சர் ஏற்கனவே இரண்டு முறை எழுதியிருந்தாள். முதல் முறை எண்பத்துநான்கு, அடுத்த முறை எண்பத்தேழு. பள்ளியாண்டு முடிவதற்குள் இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பன்னிரண்டு வருஷமாக அவள் ஆண்ட ஒன்றாம் வகுப்பு கை மாறிவிடும்.

கணக்கு, மொழி எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலை வாருவது முதல் முப்பது கேள்விதான்: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும். உளவியலில் பியாஜே என்ன சொன்னார், வைகாட்ஸ்கி என்ன சொன்னார், எந்த வயதில் எந்த நிலை. வகுப்பில் இதையெல்லாம் நாள் தவறாமல் செய்கிறவள்தான், ஆனால் அதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று யாராவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். பெரிய டீச்சர் கடையில் விற்கும் வழிகாட்டியை வாங்கி வரி வரியாக உருப்போட்டாள். சின்ன டீச்சர் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கோட்பாட்டுக்கு ஒரு தாள் என்று தனித்தனித் தாளில் எழுதினாள். மேலே கோட்பாடு, நாலே வரி. கீழே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் வகுப்பறை எடுத்துக்காட்டு. எல்லாவற்றையும் துளை போட்டு ஒரு நீல ஃபைலில் கோர்த்து வைத்தாள்.

மூன்றாவது வாரம் பயிற்சி சார் அந்த ஃபைலைக் கையில் எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை.

"இதைக் கேளுங்க எல்லாரும்," என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "பியாஜே. செயலுக்கு முற்பட்ட நிலை, ரெண்டு வயசுலேருந்து ஏழு வயசு. இந்த நிலைக் குழந்தைக்கு அளவு மாறாமைங்கிறது பிடிபடாது. எடுத்துக்காட்டு: சமமான ரெண்டு களிமண் உருண்டையில ஒண்ணை நீளமா உருட்டினேன். ‘எதுல மண்ணு அதிகம்?’னு கேட்டேன். நீளமானதுலன்னு ஒரு பொண்ணு அடிச்சுச் சொன்னா. அவ கண் முன்னாடிதான் உருட்டினேன்."

வகுப்பு சிரித்தது. சார் அடுத்த தாளைப் புரட்டினார்.

"வைகாட்ஸ்கி. அண்மை வளர்ச்சி மண்டலம். குழந்தை தானா செய்ய முடியாதது, ஆனா ஒருத்தர் கை கொடுத்தா செய்ய முடியுறது, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடம். எடுத்துக்காட்டு: கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பையனுக்குத் தீக்குச்சிக் கட்டு கொடுத்தேன். மறுநாள் குச்சி இல்லாம படம் மட்டும் வரையச் சொன்னேன். அதுக்கும் மறுநாள் ஒண்ணுமே கொடுக்கல, தானா போட்டுட்டான். கட்டடம் எழும்பினதும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி. அடடா! எழுதினா இப்படி எழுதணும்மா!"

கைதட்டினார்கள். பெரிய டீச்சரும் தட்டினாள். தட்டாவிட்டால் நாலு பேர் பார்ப்பார்களே! ஆனால் உள்ளே காந்தியது. இவள் பன்னிரண்டு வருஷமாகத் தீக்குச்சி கொடுத்து வருகிறாள், ஒரு பயல் கைதட்டியதில்லை.

இத்தனைக்கும் இது போட்டித் தேர்வு அல்ல. தொண்ணூறு எடுத்தால் எல்லாருக்கும் தேர்ச்சி. சின்னவள் தேறினால் பெரியவளுடைய தேர்ச்சியில் ஒரு துளி குறையப்போவதில்லை. இது பெரிய டீச்சருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? பொறாமை என்ன கணக்குப் பார்த்தா வருகிறது?

வீட்டில் மாமியார் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "சின்னவ எழுதறதைப் பாரேன், அச்சடிச்ச மாதிரி! நீயும் அப்படி எழுதிப் படிச்சா என்னம்மா?" என்பாள். பெரிய டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு ஏது அத்தை நேரம்" என்பாள்.

சின்னவள் அப்பாவியா, சாமர்த்தியசாலியா என்பது இவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பயிற்சி விதிக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சொல்லுங்களேன். தார்ண்டைக்கோட விதி. ஒரு தூண்டலுக்கு ஒரே துலங்கலை, அதாவது ஒரே பதிலை, திரும்பத் திரும்பச் செஞ்சா, அந்தப் பிணைப்பு இறுகிடும்ங்கிறது. வாய்ப்பாடு ஒப்பிக்கிறதுன்னு எல்லாரும் எழுதுவாங்க. எனக்குப் புதுசா ஒண்ணு வேணும்."

"எனக்கென்னம்மா தெரியும்? எடுத்துக்காட்டுக்குப் பேர்போனவ நீதானே!"

குத்தல் சின்னவளுக்கு உறைத்ததோ இல்லையோ, சிரித்தாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதானேக்கா," என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெரியவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "நீங்களும் படிங்கக்கா, முடிச்சதும் கொடுத்தா போதும்" என்று சின்னவள் அந்த நீல ஃபைலைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய டீச்சர் புரட்டினாள். பதினேழாவது தாளில் கை நின்றது.

ஸ்கின்னர். எதிர்மறை வலுவூட்டல். பிடிக்காத ஒன்றை விலக்கிவிடுவதன் மூலம் ஒரு நடத்தையை அதிகமாக்குவது. இது தண்டனை அல்ல. தண்டனை நடத்தையைக் குறைக்கும், வலுவூட்டல் கூட்டும். கட்டத்துக்குள்: ‘ஐந்து கணக்கையும் வகுப்பிலேயே முடிப்பவர்களுக்கு இன்று வீட்டுப்பாடம் கிடையாது என்று ஓர் ஆசிரியை சொன்னார். வகுப்பிலேயே முடிப்பவர்கள் ஏழு பேரிலிருந்து இருபத்தாறு பேர் ஆனார்கள்.’

ஓர் ஆசிரியையா? எந்த ஆசிரியை? இது பெரிய டீச்சரின் வகுப்பு! அவளுடைய தந்திரம்! சின்னவள் படிப்பு முடிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாளே, அப்போது நடந்தது. ஏழு, இருபத்தாறு என்று எண்ணிக்கை உட்படக் குறித்துக்கொண்டு போயிருக்கிறாள். இதற்குத்தானே ஊர் கைதட்டுகிறது? நம் வகுப்பு, நம் பிள்ளைகள், பேர் மட்டும் அவளுக்கா?

அந்த நிமிஷம் அவளுக்குப் புத்தி கோணிப்போனது. வேறு எப்படிச் சொல்வது?

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு வித்தை உண்டு. தினமும் முப்பத்தைந்து நோட்டில் முதல் வரி எழுதிக் கொடுத்து, பிள்ளைகளின் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, யார் எழுத்தையும் அச்சாக எழுத வந்துவிடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சின்னவளும் மாமியாரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, பெரிய டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவளின் எழுத்து வலப்பக்கம் லேசாகச் சாயும், சுழிகள் சின்னதாக இருக்கும். பழைய விடைத்தாள்களின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தாள். முதல் தாளில் சாய்வு பிடிபடவில்லை. ஐந்தாவதில் சுழி சரியாக வந்தது. பத்தாவதில் அவளுக்கே சந்தேகம் வந்தது, இதை எழுதியது யார் என்று. பதினொன்றாவதை நல்ல தாளில் எழுதினாள்.

தலைப்பு அதேதான், எதிர்மறை வலுவூட்டல். நாலு வரி விளக்கத்தில் தண்டனையைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டாள். கட்டத்துக்குள் மாற்றி எழுதினாள்: ‘வகுப்பில் பேசிக்கொண்டிருந்த மாணவனின் விளையாட்டு நேரத்தை ஓர் ஆசிரியை ரத்து செய்தார். அவன் பேசுவது குறைந்தது.’

குறைந்தது என்றால் அது தண்டனை. பிடித்த ஒன்றைப் பறித்து நடத்தையைக் குறைக்கிற தண்டனை. வலுவூட்டலே இல்லை. தேர்வு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சறுக்கும் இடம் அது, சார் பத்து தடவை எச்சரித்த இடம். புதுத் தாளுக்குத் துளை போட்டு ஃபைலில் கோர்த்து, ஃபைலைச் சின்னவளிடமே திருப்பிக் கொடுத்தாள். பழைய தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, திங்கட்கிழமை பள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

ஒரே ஒரு மதிப்பெண். அது போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அவளுக்கு ஒன்று குறையட்டும், அந்த அச்சடித்த நோட்டில் ஒரு பிழை இருந்தது என்று ஆகட்டும். அது போதும்.

தேர்வு நாளில் பெரிய டீச்சர் வினாத்தாளைப் பிரித்தாள். நூற்றைம்பது நிமிஷத்தில் நூற்றைம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்தான். வட்டத்தைக் கறுப்பு மையால் அடைத்துவிட்டால் மாற்ற முடியாது. இருபத்திரண்டாவது கேள்வி: ‘பின்வருவனவற்றுள் எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டு எது?’ நாலு விடைகள். சரியாகப் பதில் சொன்னவளைப் பாராட்டுதல். பேசும் மாணவனின் விளையாட்டு நேரத்தை ரத்து செய்தல். வகுப்பில் பணியை முடித்தவர்களுக்கு வீட்டுப்பாடத்திலிருந்து விலக்கு அளித்தல். குறும்பைக் கண்டுகொள்ளாமல் விடுதல்.

எதிர்மறை வலுவூட்டல் என்ற இரண்டு சொல்லைக் கண்டதுமே கை தானாகப் போய் இரண்டாவது வட்டத்தை அடைத்தது. விளையாட்டு நேரம், ரத்து. யோசிக்கவே இல்லை. இருபத்தைந்தாவது கேள்விக்கு வந்த பிறகுதான் பொறி தட்டியது. திரும்பி வந்து பார்த்தாள். வட்டம் கருகருவென்று அடைபட்டுக் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து விடைக்குறிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்தது. பெரிய டீச்சரின் வீட்டுக்காரர் ஒவ்வொரு விடையாகப் படிக்க, இரண்டு பேரும் தங்கள் விடைத்தாள் நகலில் சரி போட்டுக்கொண்டே வந்தார்கள். சின்னவளுக்கு நூற்றுப் பன்னிரண்டு. பெரியவள் மூன்று தடவை கூட்டினாள். எண்பத்தொன்பது.

"எண்பத்தொன்பதா?" வீட்டுக்காரர் தாளைப் பிடுங்கித் தானும் கூட்டினார். "அடக் கடவுளே, ஒண்ணே ஒண்ணு!"

"எதெல்லாம் தப்பாச்சுக்கா?" என்று சின்னவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டில் அவள் விரல் நின்றது. "இதுவா? இது எப்படிக்கா? இது உங்க வகுப்புல நடந்ததாச்சே! நான் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கல, நேர்ல பார்த்தது மறக்குமான்னு விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே ஃபைலை எடுத்துப் பதினேழாவது தாளைப் பிரித்தாள். முகம் வெளிறிப்போனது.

"நானா இப்படி எழுதினேன்?"

எல்லாரும் பார்த்தார்கள். அவள் கையெழுத்து. அவள் போட்ட கட்டம்.

"என் எழுத்துதான்... ஆனா எப்படி இப்படி எழுதினேன்? அக்கா, என் நோட்டைப் படிச்சுதானே நீங்க... என்னாலதானே..." சின்னவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

மாமியார் விடவில்லை. "நல்லா இருக்குடி! நீ பாட்டுக்குத் தப்பா எழுதி அவ தலையில கட்டிட்டு, நீ மட்டும் சரியா எழுதிட்டு வந்துட்டே! பெருசா எழுதறா எழுதறான்னு நான் வேற பெருமை அடிச்சேன் பாரு!"

ஒன்றரை வருஷமாகப் பெரிய டீச்சர் காத்திருந்த பேச்சு இது. மாமியார் வாயிலிருந்து, சின்னவளுக்கு, எல்லார் முன்னாலும். ஒரு மூச்சு நேரம் அது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, இனித்தது. ஆனால் சின்னவள் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தன் எழுத்தைத் தானே நம்ப முடியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்ட பிள்ளை வகுப்பில் இப்படித்தான் விழிக்கும், நான்தான் செய்தேனோ என்று அதற்கே சந்தேகம் வந்துவிடும். அந்த விழியைப் பார்த்தால் பெரிய டீச்சரால் பாடம் நடத்த முடியாது. உண்மை வெளிவரும்வரை புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள்.

"அது அவ எழுதினதில்ல," என்றாள். "நான் எழுதினது."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்தியா? தன் பிழைப்பே போச்சு, அப்பவும் சின்னவளைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்குறா! இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ அத்தை, நிஜமாத்தான் சொல்றேன்!"

"சும்மா இரும்மா," என்றார் வீட்டுக்காரர். "எழுத்தைப் பார்த்தா தெரியாதா?"

கொடுமையைப் பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டால் கும்பிடு விழுகிறது! பெரிய டீச்சருக்கு ஆத்திரமே வந்துவிட்டது. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். விடைக்குறிப்பின் ஓரத்திலேயே, வலப்பக்கம் லேசாகச் சாய்த்து, சுழிகளைச் சின்னதாக்கி, பார்க்காமலே எழுதினாள்: ‘வகுப்பில் பேசிக்கொண்டிருந்த மாணவனின் விளையாட்டு நேரத்தை ஓர் ஆசிரியை ரத்து செய்தார்.’

எழுத்துக்கு எழுத்து அச்சு. மாமியார் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு, ஃபைலை மூடி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மாமியார் வழியாகத்தான். பள்ளி திறந்த முதல் நாள், அறிவிப்புப் பலகையில் ஒன்றாம் வகுப்புக்கு நேராகச் சின்ன டீச்சரின் பெயர் இருந்தது. உதவியாளர் என்ற இடத்தில் பெரிய டீச்சரின் பெயர். நிர்வாகத்துக்கு வீட்டுக் கதை ஒன்றும் தெரியாது, ஒரே வீடு, ஒத்துப்போவார்கள் என்று போட்டுவிட்டார்கள்.

பெரிய டீச்சர் பென்சில் சீவினாள், அழுத பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டாள், தான் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாள். வயிறு எரியத்தான் எரிந்தது. ஆனால் இந்த முறை யாரைக் குறை சொல்வது?

மூன்றாம் நாள், பிள்ளைகள் விளையாடப் போயிருந்தபோது, சின்ன டீச்சர் எழுந்து வந்து ஒரு தாளை அவள் முன்னால் வைத்தாள். அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. தாளின் மேலே தலைப்பு: பயிற்சி விதி. கீழே நாலு வரி. அதற்கும் கீழே கட்டம், காலியாக.

"இதுக்கு மட்டும் என்கிட்ட நல்ல எடுத்துக்காட்டு இல்ல," என்றாள் சின்னவள். முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்ககிட்ட இருக்கு. எழுதிக் கொடுங்க. அடுத்த தடவை இதுல உங்களுக்கு ஒண்ணும் தப்பாகாது."

பெரிய டீச்சர் தாளைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். தன் சொந்தக் கையெழுத்தில், பெரிய பெரிய உருண்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்: ‘ஓர் ஆசிரியை, இன்னொருத்தியைத் தவறவைப்பதற்காக ஒரு தவறான விடையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினார். தேர்வில் அதே விடையைத் தானே எழுதினார்.’

சின்னவள் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

"எத்தனை தடவை எழுதிப் பார்த்தீங்க?"

"பதினொண்ணு."

"அதையும் போடுங்கக்கா," என்றாள் சின்னவள். "எத்தனை தடவைங்கிறதுதான் இந்த விதியில முக்கியம்."